குருணை பெரிய ஈஸ்ட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பதினெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். வார்டில் நான் சொன்னதை யாராவது திருப்பிக் கேட்டால் எரிந்து விழுவேன். ஆமத்தூரில் பேக்கரி போட்டு ஆறு வருஷமாகியும் அந்தக் குணம் போகவில்லை. என் வீட்டுக்காரர் செல்வமணி பள்ளிக்கூட வாத்தியார். "ஜாஸ்பின், உன் கடையில அடுப்பு ரெண்டு. ஒண்ணு நீ," என்பார்.

எங்கள் மாவு மேசை மாஸ்டர் பெத்தணன் பங்குனியில் திருப்பூர் போய்விட்டார். அதிலிருந்து வள்ளித்தாய்தான் மாவு பிசைகிறாள். அவள் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் மருந்து அறையில் இருந்தவள். பட்டாசுக்காரர்களுக்கு மருந்து என்றால் வெடி உப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் சேர்ந்த கலவை. அதை விட்டுவிட்டு இரண்டு வருஷம் முன்னால் இங்கே தட்டுக் கழுவ வந்தாள். பிறகு பன் உருட்டினாள். இப்போது தராசு அவள் கையில் இருக்கிறது.

ஆனாலும் மாஸ்டர் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நாள் குறித்திருந்தேன். மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, எங்கள் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நிறைவு நாள். இருநூற்று நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு இனிப்பு பன். நாலு மணிக்குக் கூட்டம் முடியும். மூன்றரைக்கு ஜெபிஷா டீச்சர் வேன் கொண்டுவருவாள்.

"இந்த ஆர்டரை நீ தனியா முடி வள்ளி. முடிச்சுட்டா மேசை ஒனக்கு. வேற மாஸ்டர் தேட மாட்டேன்," என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்தேன்.

அவளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பழைய கம்பெனி போர்மேன் காளிராஜ் இரண்டு வாரமாகப் போன் போட்டுக்கொண்டிருந்தான். சீசன் ஆர்டர் ஏறிவிட்டது, மருந்து அறைக்குக் கை பழகின ஆள் வேண்டும், திங்கட்கிழமை வேன் அனுப்புகிறேன், வருகிறாயா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து ஒரு கை போய், வேலைக்குப் போக முடியாத மனுஷன். தட்டுக் கழுவுகிற வேலையோடு நின்றால் குடும்பம் ஓடாது. இங்கே மாஸ்டர், இல்லையென்றால் அங்கே மருந்து அறை. இரண்டில் ஒன்று சனிக்கிழமை தெரிந்துவிடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விருதுநகர் கடையிலிருந்து சாமான் வந்தது. எப்போதும் வாங்குகிற இன்ஸ்டன்ட் ஈஸ்ட் இல்லை. வேறு பாக்கெட் இரண்டு அனுப்பியிருந்தார்கள். போன் போட்டேன். கடைக்காரர் சீனிவாசகம், "ஸ்டாக் இல்லக்கா. இதுவும் காஞ்ச ஈஸ்ட்தான். ரெண்டும் ஒண்ணுதான்," என்றார். அதோடு எனக்குப் போதும். கவுண்டரில் நாலு பேர் நிற்கிறார்கள், கேக் ஆர்டர் ஒன்று கிடக்கிறது.

வள்ளித்தாய் பாக்கெட்டை வெட்டி ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இது குருணை பெருசா இருக்கு. பழசு பொடிப்பொடியா இருக்கும். இது ரவ மாதிரி உருண்டையா இருக்கு. இதுக்கும் அதே அளவு சரியா வருமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்காரரே சொல்லிட்டாரு. அதே அளவு போடு."

"இல்லக்கா, கொஞ்சமா ஒரு கிண்ணத்துல பிசைஞ்சு பாத்துட்டு..."

"ஏழு கிலோ மாவு, எண்பது கிராம் ஈஸ்ட், ஐஸ் தண்ணி. நீ என்னைக்கும் போடுற கணக்குத்தானே? மணி எட்டரை ஆச்சு. கேள்வி கேட்டுக்கிட்டு நின்னா பன் எப்ப வரும்?"

அவள் தராசில் எண்பது கிராம் நிறுத்து, மாவில் தூவி, சர்க்கரை, டால்டா, உப்பு எல்லாம் போட்டு மிஷினை ஓட்டினாள். ஐஸ் தண்ணீரை ஊற்றினாள்.

ஐஸ் தண்ணீர் ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மே மாத வெயிலில் மாவு மூட்டையே சுடும். அதோடு மிஷின் சூடும் சேர்ந்தால் பிசைந்து முடிப்பதற்குள் மாவு பொங்கிப் புளித்துவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் நாங்கள் ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில்தான் பிசைவோம். இன்ஸ்டன்ட் ஈஸ்டுக்கு அது ஒத்துப்போகும். பொடியாக இருப்பதால் நேராக மாவில் கலந்தாலே ஊறிவிடும், தனியாகக் கரைக்க வேண்டாம்.

பத்து மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். தொட்டியில் மாவு போட்டது போட்டபடி கிடந்தது. எப்போதும் ஒரு மணி நேரத்தில் இரண்டு பங்காகி விளிம்பைத் தொட்டுவிடும். இது அசையவில்லை. விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஒரு துண்டு பிய்த்து விரித்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக ஈஸ்ட் குருணை கரையாமல் இருந்தது. மாவும் வழக்கத்தைவிடத் தொளதொளவென்று ஒட்டியது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இருநூற்று நாற்பது பிள்ளைகள் கண்ணில் வந்து நின்றார்கள். அடுத்து நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒன்ன நம்பி விட்டேன். கரைஞ்சுச்சா இல்லையான்னு பாக்க மாட்டியா? ஒனக்கு மேசை எல்லாம் சரிப்படாது வள்ளி. நீ பட்டாசுக்கே போ."

அவள் கையில் ஒட்டிய மாவை மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். கடைக்காரரைக் கிழிக்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் இருந்த பொடி எழுத்து இங்கிலீஷைப் படித்தேன். படிக்கப் படிக்க என் கோபம் போக இடமில்லாமல் என்மேலேயே திரும்பியது. இது இன்ஸ்டன்ட் இல்லை. ஆக்டிவ் டிரை என்கிற பழைய ரகம். குருணை பெரிது, மேலே செத்துக் காய்ந்த ஈஸ்ட் ஓடு மாதிரி மூடியிருக்கும், உயிர் உள்ளது நடுவில் இருக்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு பத்து நிமிஷம் ஊற வைக்க வேண்டும். நுரைத்து வந்த பிறகுதான் மாவில் ஊற்ற வேண்டும். அளவும் இன்ஸ்டன்டைவிடக் கால் பங்கு கூட. எண்பது கிராமுக்குப் பதில் நூறு கிராம். சில்லென்ற தண்ணீரில் போட்டால் ஈஸ்டிலிருந்து சத்து வெளியே கசிந்துவிடும், மாவு தளர்ந்துபோகும்.

நாங்கள் செய்ததெல்லாம் தலைகீழ். அளவு குறைவு, ஊற வைக்கவில்லை, போதாததற்கு ஐஸ் தண்ணீர். வள்ளித்தாய்க்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தில் இருந்ததைத்தான் அவள் காலையில் விரலால் தேய்த்துச் சொல்லியிருக்கிறாள். படிக்கத் தெரிந்த நான் பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதை வாயைத் திறந்து அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "வெதுவெதுப்பான தண்ணி வேணும். நாப்பது, நாப்பத்திரண்டு டிகிரி," என்று மட்டும் சொன்னேன். குரலில் அதிகாரம் குறையவில்லை.

"எதுக்குக்கா?"

"ஈஸ்ட்ட தண்ணில கரைச்சு, செத்த மாவுல சேத்துப் பிசையப் போறோம். உயிர் இருந்தா ஏறிரும்."

"பவுடர தண்ணியிலயா?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் கவனிக்கவில்லை.

பைப்பைத் திறந்தேன். மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. பத்தரை மணிக்கே தண்ணீர் சுட ஆரம்பித்துவிடும். என் பழைய நர்ஸ் பையிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டேன். நாற்பது புள்ளி மூன்று என்று காட்டியது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு மாதமாக இந்தத் தண்ணீர் சுடுகிறது என்றுதான் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தோம். இந்த ஈஸ்டுக்கு அதேதான் தேவைப்பட்டிருக்கிறது.

"எம்புட்டு ஈஸ்ட்க்கா?"

"பாக்கெட்டுக் கணக்குப்படி நூறு. ஆனா முன்ன போட்டது மொத்தமும் சாகலையே," என்று யோசித்தேன்.

"பாதிக்கு மேல ஊறாம கிடக்கு," என்றாள் வள்ளித்தாய். "மிச்சம் கொஞ்சம் உசுரோடதான் இருக்கும், வாடை வருது. நூறு கிராம் மறுபடி போட்டா ரெண்டும் சேந்து பொங்கி கள்ளு வாடை அடிக்கும். அறுபது போடுவோம். தண்ணி முந்நூறு. தண்ணி கூடுறதுக்கு அரைக் கிலோ மாவு சேக்கணும்."

நாலு வரியில் கணக்கை முடித்துவிட்டாள். அவ்வளவு திட்டு வாங்கின பிறகும் வாடையைப் பிடித்திருக்கிறாள். சரி என்றேன். அறுபது கிராம் நிறுத்து எவர்சில்வர் செம்பில் போட்டு, சர்க்கரை ஒரு ஸ்பூன் சேர்த்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி மேசையில் வைத்தேன்.

ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பழுப்புத் தண்ணீர்தான். ஆறாவது நிமிஷம் ஓரத்தில் குமிழி வந்தது. பிறகு நடுவில் நுரை எழும்பி, மெத்தென்று மேலே வந்து, செம்பின் கழுத்தைத் தாண்டியது. புளிப்பு வாடை அறை முழுக்கப் பரவியது. எனக்கு உயிர் வந்தது.

அடுத்த நொடி என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். வள்ளித்தாய்தான். என்ன ஏது என்று கேட்பதற்குள் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே ஓடினாள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய் என்னைக் குனிய வைத்து, தானும் குனிந்துகொண்டாள்.

"ஏய், என்ன?"

"பொங்குதுக்கா. வாடை வந்துருச்சு. பொங்கினா நிக்கக் கூடாது."

சிரிப்பு வரப் பார்த்தது. அவள் கையைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அது என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள்.

"மழைக்காலத்துல ஈரம் பட்ட மருந்து இப்படித்தான்க்கா. தன்னால சூடாகும், நொரைக்கும், வாடை வரும். வாடை வந்துட்டா சாமான எடுக்க நிக்காம ஓடிரணும். அதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

"இது ஈஸ்ட் வள்ளி. உசுரோட இருக்குன்னு காட்டுது. வேற ஒண்ணும் ஆகாது."

"தெரியுதுக்கா. மூளைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

இருவரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். வெயில் உச்சந்தலையில் அடித்தது. உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பதறியது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி இருந்தது அபூர்வம்.

"முருகேஸ்வரின்னு என் சித்தி மக," என்றாள் வள்ளித்தாய். "என் பக்கத்து அறை. ஐப்பசி மாசம், மழை. புது அலுமினியப் பவுடர் வந்துச்சு. அவ கையில தேச்சுப் பாத்துட்டு, அண்ணே, இது பழசு மாதிரி இல்ல, ரொம்ப நைசா இருக்கு, கொஞ்சமா கலந்து பாக்கவான்னு காளிராஜ் அண்ணன்ட்ட கேட்டா. நான் பக்கத்துல நிக்கேன்."

அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதான், அதே அளவு போடுன்னாரு. சீசன் நேரம்ல. அவ போட்டா. மதியம் சட்டில நொரைச்சிருக்கு. என்னன்னு குனிஞ்சு பாத்திருக்கா. அவளும் போய்ட்டா, அறையும் போயிருச்சு. அந்தப் பக்கமா தூக்குச்சட்டி எடுத்துட்டுப் போன எங்க வீட்டு ஆளுக்குக் கை போச்சு."

சங்கிலிமுத்துவின் கை விபத்தில் போனது என்று எனக்குத் தெரியும். எப்படி என்று இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. காலையில் என் வாயிலிருந்து வந்ததும் அதே வார்த்தைகள். ரெண்டும் ஒண்ணுதான், அதே அளவு போடு. வார்த்தைக்கு வார்த்தை மாறவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துப் புட்டியின் லேபிளை மூன்று தடவை படித்துவிட்டு ஊசி போட்டவள் நான். கடை என்று வந்ததும் அதை எப்படி மறந்தேன்?

"காலைல நீ சொன்னதுதான் சரி வள்ளி," என்றேன். "தப்பு என்னோடது. பாக்கெட்டப் படிக்காம ஒன்ன ஏசுனேன். பட்டாசுக்குப் போன்னு வேற சொல்லிட்டேன். அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். நான் பின்னால் போனபோது, மேசையில் வழிந்த நுரையை அவள் இரண்டு விரலால் தொட்டு மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தொட்டி மாவை மிஷினுக்கு மாற்றி, செம்பை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் ஊற்றினாள். அரைக் கிலோ மாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு மிஷினை ஓட்டினாள். இந்தத் தடவை ஐஸ் கிடையாது.

பதினொன்றேகாலுக்குத் தொட்டியை ஈரத்துணி போட்டு மூடினோம். பதினொன்றே முக்காலுக்குத் துணி நடுவில் புடைத்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு விளிம்பைத் தொட்டது. துண்டு பிய்த்துப் பார்த்தோம். பழுப்புப் புள்ளி அங்கங்கே ஒன்றிரண்டுதான் தெரிந்தது. வள்ளித்தாய் தராசில் ஒவ்வொன்றாக ஐம்பது கிராம் நிறுத்துப் போட, நானும் உருட்ட உட்கார்ந்தேன். தட்டில் அடுக்கி மறுபடி முக்கால் மணி நேரம் ஏற விட்டோம். முதல் தட்டு ஒன்றே முக்காலுக்கு அடுப்புக்குள் போனது. கடைசித் தட்டு மூன்று மணிக்கு வெளியே வந்தது. மேலே வழக்கம்போல் செம்பழுப்பு. பிய்த்தால் பஞ்சு. கொஞ்சம் கூடுதலாகப் புளிப்பு வாடை இருந்தது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

மாவு கூடியதால் இருபதுக்கு மேல் மிஞ்சியது.

மூன்றரைக்கு ஜெபிஷா டீச்சர் வந்து ஒரு பன்னை அமுக்கிப் பார்த்தாள். "மாஸ்டர் ஊருக்குப் போய்ட்டாருன்னு சொன்னாக. நல்லாத்தானே வந்திருக்கு. யாரு போட்டது?"

"வள்ளித்தாய். இவதான் இங்கன மாஸ்டர்," என்றேன். "காலைல நான் ஒரு மாவக் கெடுத்துட்டேன். அத இவ சரி பண்ணுனா."

டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் தப்பை ஒத்துக்கொண்டு அவள் கேட்டதில்லை. வள்ளித்தாய் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள், காதில் விழாத மாதிரி. விழுந்தது எனக்குத் தெரியும்.

வேன் போன பிறகு அவள் போன் அடித்தது. காளிராஜ். எடுத்துப் பார்த்துவிட்டு அடிக்க விட்டாள். போன் அடித்து ஓய்ந்தது. நான் மாவு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கிழமை வேன் வரும்னு சொல்லத்தான் போடுதாரு," என்றாள்.

"நீ என்ன சொல்லப் போற?"

"அது ஒங்களப் பொறுத்துக்கா."

"மாஸ்டர்னு டீச்சர்ட்டயே சொல்லிட்டேனே. இன்னும் என்ன?"

"பேரு பெருசில்லக்கா. நாளைக்கும் சாமான் மாறி வரும். நான் தேச்சுப் பாத்துட்டு, இது வேற மாதிரி இருக்குன்னு சொல்லுவேன். அன்னிக்கும் கடையில ஆள் நிக்கும், ஆர்டர் இருக்கும். அப்ப நிறுத்துவீகளா?"

உடனே 'நிறுத்துவேன்' என்று சொல்லிவிடலாம். சொல்வது லேசு. என் கோபம் எனக்குத் தெரியும். அதனால் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு மாவு மேசைக்கு மேலே இருந்த டைல்ஸ் சுவரில் எழுதினேன். ஏழு கிலோ மாவுக்கு இன்ஸ்டன்ட் என்றால் எண்பது கிராம், நேராக மாவில். ஆக்டிவ் டிரை என்றால் நூறு கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு பத்து நிமிஷம், நுரைத்த பிறகு மாவில், அந்தத் தண்ணீரை மொத்தத் தண்ணீரில் கழிக்க வேண்டும். அவள் வாய்விட்டுப் படித்தாள். நூறு என்ற இடத்தில் விரலை வைத்துத் தலையாட்டினாள்.

"கீழ இன்னொண்ணு எழுதுங்கக்கா," என்றாள். "புதுச் சாமான் வந்தா வள்ளித்தாய் பாத்துச் சொல்ற வரைக்கும் மிஷின் ஓடாதுன்னு."

எழுதினேன். பெரிய எழுத்தில் எழுதினேன், என் கண்ணுக்கு முதலில் படுகிற மாதிரி.

அவள் போனை எடுத்துக் காளிராஜுக்கு அடித்தாள். "அண்ணே, வேன் அனுப்பாதீக. நான் வரல," என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கத்தினான். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குன்னா கேக்கீக?" என்றாள். "இங்கன நான் சொன்னா நிறுத்துவாகளாம்ண்ணே. சுவத்துல எழுதிப் போட்டிருக்காக."

போனை வைத்துவிட்டு, மிஞ்சிய பன்னில் நாலை எடுத்துப் பேப்பரில் சுற்றினாள். இரண்டு வீட்டுக்கு. இரண்டு முருகேஸ்வரியின் அம்மாவுக்கு.